காலண்டர் தெளிவு, பிள்ளை மங்கல்: ரெண்டரை வருஷம் ஒரே போனில் மகளையும் நாயையும் படமெடுத்த அனுபவம்

மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது வாங்கிய போன் இது. இப்போது அவளுக்கு நாலு வயது. இந்த ரெண்டரை வருஷத்தில் எடுத்த படங்களைப் போன மாதம் உட்கார்ந்து பிரித்தேன். தூங்கும்போது எடுத்தது, சாப்பிடும்போது எடுத்தது எல்லாம் அருமையாக இருக்கின்றன. ஓடுவது, குதிப்பது, தாத்தா மடியில் தாவி ஏறுவது என்று எதைப் பார்த்தாலும் முகம் கரைந்து போயிருக்கிறது. அவளுடைய மூன்றாவது பிறந்தநாள் படங்களில் ஒன்றுகூட பிரேம் போடத் தேறவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வருத்தத்தில்தான் இதைத் தேடித் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

முதலில் போனில்தான் கோளாறு என்று நினைத்தேன். லென்ஸைத் துடைத்தேன், கவரைக் கழற்றினேன், வேறு கேமரா ஆப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் எங்கள் புதூர்ப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பியிடம் ஒரு படத்தைக் காட்டினேன். அவர் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. பின்னால் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பெரிதாக்கினார். "அக்கா, ராகுகாலம் எமகண்டம் வரைக்கும் படிக்க முடியுதுல்ல? அப்ப உங்க கையும் ஆடலை, போகஸும் பெருசாத் தப்பலை. பாப்பாதான் ஆடியிருக்கு. போன் ஷட்டரை மெதுவா வச்சிருக்கு" என்றார்.

அதுவரை நான் எல்லாவற்றையும் 'பிளர்' என்ற ஒரே சொல்லில் போட்டு வைத்திருந்தேன். அன்றிலிருந்து எந்தப் படம் கெட்டாலும் முதலில் பிள்ளைக்குப் பின்னால் இருப்பதைத்தான் பார்க்கிறேன். பின்னணியும் பிள்ளையும் சேர்ந்து ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னணி கூர்மையாக இருந்து பிள்ளை மட்டும் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் ஷட்டர் மெதுவாக இருந்திருக்கிறது. இழுவையே இல்லாமல் பிள்ளை மட்டும் எல்லாப் பக்கமும் மிருதுவாக மங்கியிருந்தால் போகஸ் வேறெங்கோ போயிருக்கிறது. பிள்ளை தெளிவாகத்தான் இருக்கிறாள், ஆனால் சிரித்து முடித்துத் திரும்பிவிட்டாள் என்றால் அது பிளரே இல்லை. பட்டனைத் தொட்டதற்கும் படம் பதிவானதற்கும் நடுவில் உள்ள தாமதம் அது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. போனில் உள்ள ஸ்டெபிலைசேஷன் கையாட்டத்துக்கு மட்டும்தான் உதவும், ஓடுகிற பிள்ளையை அதனால் நிறுத்த முடியாது.

சரி, அந்தப் பிறந்தநாள் படத்துக்கு வருவோம். கேலரியில் படத்தை மேலே தள்ளினால் விவரம் தெரியும். அதில் ஷட்டர் 1/25 என்றும், வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவான ஐஎஸ்ஓ 320 என்றும் இருந்தது. இரவு ஏழு மணி, ஹாலில் ஒரே ஒரு டியூப்லைட். அந்த வெளிச்சத்துக்குப் போன் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் ஒளியைப் பிடிக்கும் சென்சாரைத் திறந்து வைத்திருக்கிறது. மூணு வயதுப் பிள்ளை ஹாலுக்குள் ஓடினாலே நொடிக்கு இரண்டு மீட்டர் போய்விடும். அப்படியென்றால் சென்சார் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவள் எட்டு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறாள். அவள் முகத்தின் அகலத்தில் பெரும்பகுதி அது. அந்த எட்டு சென்டிமீட்டர் முழுக்க முகம் பூசப்பட்டிருக்கிறது. அதே ஓட்டத்தை 1/250-ல் எடுத்திருந்தால் எட்டு மில்லிமீட்டர்தான் நகர்ந்திருப்பாள். 1/500 என்றால் நாலு மில்லிமீட்டர். போன் திரையில் பார்க்க அது தெளிவான படம்.

கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. கேமராவுக்குக் குறுக்கே ஓடினால்தான் இவ்வளவு இழுபடும். நம்மை நோக்கி ஓடி வரும்போது சென்சாரில் அவள் நகர்வது ரொம்பக் குறைவு. அதனால் நான் இப்போது அவள் பக்கவாட்டில் ஓடும்போது எடுப்பதை விட்டுவிட்டு, அவள் ஓடி வரும் திசையில் குத்தவைத்து உட்கார்ந்துகொள்கிறேன். போகஸ் சில சமயம் பின்தங்கும், இருந்தாலும் இதில் தேறுகிற படம் அதிகம்.

தாமதத்தைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. இன்னொரு போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, அதைக் கேமராவில் பார்த்தபடி சரியாக 10.00 வரும்போது தொட வேண்டும். எண் வருவது முன்கூட்டியே தெரிவதால் விரலைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவர முடியும். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாமல் பத்துத் தடவையாவது செய்ய வேண்டும். அந்தப் போனின் திரை வெளிச்சத்தைக் குறைத்து, கொஞ்சம் தள்ளியும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையின் ஒளியிலேயே கேமரா ஏமாந்து ஷட்டரை வேகமாக்கிவிடும்.

பகலில் மொட்டைமாடியில் செய்தபோது பெரும்பாலும் 9.97, 10.03 என்றே வந்தது. பத்துக்கு முந்தைய நேரம் எப்படிப் பதிவாகும் என்று முதலில் குழம்பினேன். கேமரா திறந்திருக்கும் வரை போன் விடாமல் படங்களை எடுத்து, பழையதைத் தள்ளித் தள்ளி நினைவில் வைத்துக்கொண்டே இருக்கிறது. நாம் தொட்டதும் அந்தக் குவியலிலிருந்து அந்த நேரத்துக்கு ஒட்டியதை எடுத்துக் கொடுக்கிறது. அதனால் நல்ல வெளிச்சத்தில் போனுக்குத் தாமதம் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. வீட்டுக்குள் டியூப்லைட்டில் அதே சோதனை 10.20-க்குப் போனது. ஃபிளாஷ் போட்டால் 10.80 வரை! ஃபிளாஷ் முதலில் ஒரு தடவை மின்னி வெளிச்சத்தை அளந்துவிட்டு, அப்புறம்தான் படம் எடுக்கிறது. போனில் இருப்பது டார்ச் மாதிரியான எல்.இ.டி. என்பதால், பழைய கேமராக்களின் செனான் ஃபிளாஷ் போலக் கண நேரத்தில் வெட்டி அசைவை நிறுத்தவும் அதனால் ஆகாது. பிள்ளைகளுக்கு ஃபிளாஷ் போடுவதை அன்றோடு விட்டேன்.

இந்தச் சோதனைப் படத்தைப் பெரிதாக்கினால் ஷட்டர் வேகமும் தெரிகிறது. இருட்டில் எடுத்ததில் கடைசி இலக்கம் ஒரு எண்ணாகவே இல்லை. 3-ன் மேல் 5, அதன் மேல் 6 என்று ஒன்றோடொன்று ஒட்டி ஏதோ புது எழுத்து போல இருந்தது. சென்சார் திறந்திருந்த நேரம் முழுக்க அந்தக் கட்டத்தில் வந்து போன எண்கள் அவை. மாடியில் எடுத்ததில் அதே இடத்தில் ஒற்றை எண் சுத்தமாக இருந்தது.

தாமதத்தில் நம் பங்கும் உண்டு. 'ஆ, குதிக்கிறாள்' என்று கண் பார்த்து விரல் இறங்கவே கால் நொடி ஆகிவிடுகிறது. அதனால் பார்த்துவிட்டுத் தொடக்கூடாது, முன்னாலேயே தொட வேண்டும். இருபது சென்டிமீட்டர் உயரம் குதிக்கும் பிள்ளை மொத்தம் 0.4 நொடிதான் காற்றில் இருக்கும். அதில் பாதி நேரம் உச்சியை ஒட்டிய கடைசி ஐந்து சென்டிமீட்டரிலேயே கழியும், அங்கே வேகமும் மிகக் குறைவு. என் மகள் திண்ணையில் நின்று "ஒன்னு, ரெண்டு, மூனூ..." என்று சொல்லித்தான் எம்புவாள். கால் தரையை விடும்போதே தொட்டுவிட்டால், வீட்டுக்குள் இருக்கும் அந்த 0.2 நொடித் தாமதம் படத்தைச் சரியாக உச்சிக்குக் கொண்டுபோய் விடுகிறது. ஊஞ்சலும் அப்படித்தான். திரும்புகிற முனையில் ஒரு கணம் நிற்கும்.

இப்போது வீட்டுக்குள் `Pro` என்ற இடத்துக்குப் போய் ஷட்டரை 1/250 என்று நானே வைத்துவிடுகிறேன். வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறைவதால் ஐஎஸ்ஓ 3200 வரை போகும். படம் மணல் தூவியது மாதிரி புள்ளி புள்ளியாக வரும். எனக்கு அது பரவாயில்லை. புள்ளி விழுந்த முகத்தில் சிரிப்பு தெரிகிறது, இழுபட்ட முகத்தில் ஒன்றுமே தெரிவதில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல். மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று என்பதால் சோக் வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரிகிறது. 1/100-ஐவிட வேகமாகப் போனால் படத்தில் இருட்டும் வெளிச்சமுமாகக் குறுக்குப் பட்டைகள் விழும். எங்கள் ஹாலில் விழுந்தது. நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி. டியூபுக்கு மாற்றிய பிறகு போய்விட்டது. மாற்ற வழியில்லை என்றால் 1/100-ல் நின்றுகொள்வது நல்லது.

அடுத்து மணி. அலங்காநல்லூர்ப் பக்கம் அண்ணன் தோட்டத்தில் இருக்கும் சிப்பிப்பாறை நாய். விரட்ட ஆரம்பித்தால் நொடிக்குப் பத்து மீட்டர் போகும். உச்சி வெயிலில் போன் 1/2000 வரை வைக்கிறது, இழுவை ஐந்து மில்லிமீட்டர்தான். ஆனாலும் படம் ஏதோ கோணலாக இருந்தது. உற்றுப் பார்த்தால் முதுகு ஒரு இடத்திலும் பாதம் கொஞ்சம் முன்னாலும் இருந்தன. கேமராவை மணியோடு சேர்த்துத் திருப்பி எடுத்ததில் பின்னால் நின்ற தென்னைமரமே சாய்ந்திருந்தது. சென்சார் முழுப் படத்தையும் ஒரே சமயத்தில் வாசிப்பதில்லை, மேலிருந்து கீழே வரி வரியாக வாசிக்கிறது. ஒவ்வொரு வரியும் 1/2000 நொடிதான் ஒளி வாங்குகிறது என்றாலும், முதல் வரியிலிருந்து கடைசி வரிக்கு வர ஐம்பதில் ஒரு பங்கு நொடி ஆகிறதென்றால் அதற்குள் மணி இருபது சென்டிமீட்டர் போய்விடுவான். ஷட்டரை எவ்வளவு வேகமாக்கினாலும் இந்தக் கோணல் போகாது, சென்சார் வாசிக்கும் வேகம்தான் கூட வேண்டும். உங்கள் போன் எப்படி என்று பார்க்க, ஓடும் சீலிங் ஃபேனைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். இறக்கைகள் அரிவாள் போல வளைந்திருந்தால் வாசிப்பு மெதுவானது. எல்லா வரியையும் ஒரே கணத்தில் பிடிக்கும் முழு அளவு சென்சாரை சோனி 2023-ல் அறிவித்த ஏ9 மூன்றாம் தலைமுறைக் கேமராவில்தான் முதலில் கொண்டுவந்தது. அதன் விலைக்கு நல்ல பைக்கே வாங்கலாம்.

மணிக்கு இரண்டு வால் இருந்த படமும் உண்டு. எச்டிஆர் என்று போன் நாலைந்து படங்களை எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது. வால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில் இருந்தால் ஒட்டும்போது பேய் மாதிரி ஒரு நிழல் நின்றுவிடுகிறது. தோட்டத்துக்குப் போனால் அதை அணைத்துவிடுகிறேன்.

நிறையப் பேர் வீடியோ எடுத்து அதிலிருந்து படத்தை வெட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். சிரித்த கணத்தைத் தவறவிடாமல் இருக்க அது உதவும். ஆனால் இருட்டில் வீடியோவின் ஒவ்வொரு படமும் அதே மாதிரி 1/30, 1/50-ல்தான் பதிவாகிறது, அங்கேயும் முகம் கரையத்தான் செய்யும்.

இந்த வருஷப் பிறந்தநாளுக்கு கேக்கை இரவில் வெட்டவில்லை. மேஜையை மேற்கு ஜன்னலை ஒட்டிப் போட்டு, மாலை நாலு மணிக்கே வெட்டினோம். "இந்த வெயில்லயா கேக்கு வெட்டுவாக?" என்று மாமியார் கேட்டார். டியூப்லைட்டைவிட அந்த ஜன்னலோரம் எத்தனையோ மடங்கு வெளிச்சம், போன் தானாகவே 1/320-க்குப் போய்விட்டது. ஐஎஸ்ஓ 250 மட்டும்தான். மெழுகுவத்தியை ஊதக் குனிந்தவளின் முடி முன்னால் பறக்கிறது, ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிகிறது. அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, ஹாலில் காலண்டருக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறோம்.