கல் எடுத்தாச்சு, குழாய் உள்ளே இருக்கு: என் அத்தானுக்கு நடந்தது

சலக்கல்லுக்குச் சத்திரசிகிச்சை செய்துவிட்டு வந்தவர்களும், அவர்களை வைத்துப் பார்க்கிற வீட்டுக்காரர்களும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். கல் எடுத்த பிறகு உள்ளே வைத்துவிடுகிற ஸ்டென்ட் குழாயைப் பற்றி ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அது தந்த வேதனையை வைத்து இங்கே ஒரு கிளினிக் காசு பார்த்தது. கடைசியில் என் அத்தான் சாவின் விளிம்புவரை போய்த்தான் வந்தார். பெயர்களை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அத்தான் முரசுமோட்டைப் பக்கம் வயல் செய்கிறவர். வலது சிறுநீரகத்திலிருந்து சலப்பைக்கு வருகிற குழாயில் கல் இறுகிவிட்டது. கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் சலவழியாகவே கமரா விட்டு, லேசரால் உடைத்து எடுத்தார்கள். வெளியில் ஒரு வெட்டுக்காயமும் இல்லை. அடுத்த நாளே துண்டு வெட்டியாயிற்று. கையில் தந்தது ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளும் ஒரு பை மருந்தும்தான். "உள்ளுக்கு ஒரு குழாய் வைச்சிருக்கு, பயப்பட வேண்டாம்" என்று தாதி ஒருவர் போகிறபோக்கில் சொன்னாராம். எதற்கு வைத்தது, எப்படி இருக்கும், எப்போது எடுக்க வேண்டும் என்று ஒரு சொல் இல்லை.

வீட்டுக்கு வந்த அன்றே தொடங்கிவிட்டது. சலம் போய்விட்டு வந்து உட்கார முன் திரும்பவும் முட்டும். முட்டினால் அடக்க முடியாது, கக்கூசுக்குப் போய்ச் சேருமுன் சாரம் நனைந்துவிடும். போய் முடிந்தாலும் இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரி ஒரு அந்தரம். எல்லாவற்றையும்விட, சலம் போகிற நேரத்தில் வலது நாரிப்பக்கத்தில் மேல்நோக்கி ஏறுகிற ஒரு குத்து. அத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்: "தம்பி, கல்லை எடுத்தாச்சு எண்டால் பேந்தேன் அதே இடத்தில குத்துது?"

அந்தக் கேள்வியோடுதான் எங்கள் ஊர் தனியார் கிளினிக்குக்குப் போனோம். கொழும்புத் தாளை அங்கே வாங்கிப் பார்த்தார்கள். சலம் பரிசோதித்தார்கள். சீழ்க்கலங்களும் செங்கலங்களும் நிறைய இருக்கு, கிருமி என்றார்கள். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை, நாரி நோவுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி, கையோடு ஒரு ஸ்கான். நோ குறையவில்லை. திரும்பப் போனால் திரும்பவும் சலப் பரிசோதனை, வேறொரு மாத்திரை, இன்னொரு ஊசி, இன்னொரு ஸ்கான். "கல்லுத் துண்டு மிச்சம் இருக்குப் போல" என்றும் ஒரு முறை சொன்னார்கள். ஒவ்வொரு தரமும் பில் வந்தது. உள்ளே ஸ்டென்ட் இருக்கிறது, அதனால்தான் இப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. தாளிலோ அது எழுதியே இருந்தது.

பிறகு அரச மருத்துவமனையில் ஒரு டொக்டர் எங்களை இருத்திவைத்து விளங்கப்படுத்தினார். அவர் சொன்னது முதல் நாளே தெரிந்திருந்தால் அத்தனை காசும் போயிருக்காது.

ஸ்டென்ட் என்பது சிறுநீரகத்திலிருந்து சலப்பை வரைக்கும் போகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாய். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 24, 26 சென்ரிமீற்றர் நீளம், மொத்தம் 2 மில்லிமீற்றர் அளவு. நழுவாமல் இருக்க இரண்டு முனையும் சுருண்டிருக்கும். கல்லை உடைத்த பிறகு அந்த வழி வீங்கி அடைபடலாம் என்பதால், வீக்கம் வற்றும் வரைக்கும் சலம் இறங்குவதற்காக வைப்பது. மேல் சுருள் சிறுநீரகத்தில் இருக்கும். கீழ்ச் சுருள் சலப்பையின் அடியில், உணர்ச்சி கூடிய இடத்தில் உரசிக்கொண்டிருக்கும். முட்டுவது, அடக்க முடியாமை, முடியாத மாதிரி அந்தரம் எல்லாம் அந்த உரசல்தான்.

நாரிக் குத்துக்கும் காரணம் இருக்கிறது. சாதாரணமாகச் சலப்பை சுருங்கும்போது மேலே போகிற வழி தானாக மூடிக்கொள்ளும். ஸ்டென்ட் குறுக்கே இருந்தால் மூடாது. அதனால் சலம் போகையில் அந்த அழுத்தம் நேரே சிறுநீரகத்துக்கு ஏறும். போகும்போது குத்தி, போய் முடிந்து கொஞ்ச நேரத்தில் அடங்கினால் அது பெரும்பாலும் ஸ்டென்ட் நோ. முக்காமல், அவசரப்படாமல் போக வேண்டும். சலத்தை அடக்கி வைக்கக்கூடாது.

இரத்தமும் அப்படித்தான். அத்தான் லாண்ட்மாஸ்டர் ஓட்டின நாளிலும், கிரவல் றோட்டில் மோட்டார் சைக்கிளில் போய்வந்த நாளிலும் சலம் சிவந்து போனது. குலுங்கினால் குழாய் உரசும், உரசினால் இரத்தம் வரும். ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்தால் தெளிந்துவிடும். ஸ்டென்ட் வைத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர்வரைக்கும் இப்படி ஏதாவது ஒரு தொல்லை இருக்கிறதாம்.

கிளினிக் எங்களை ஏய்த்த இடத்தைக் கவனியுங்கள். ஸ்டென்ட் உள்ளே இருக்கும் வரைக்கும் சாதாரண சலப் பரிசோதனையில் சீழ்க்கலமும் செங்கலமும் தெரியத்தான் செய்யும், கிருமி ஒன்றும் இல்லாவிட்டாலும். கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் கல்ச்சர் போட வேண்டும். அது வர இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதை ஒருமுறைகூடப் போடாமல் மாத்திரையை மாற்றி மாற்றித் தந்தார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் ஊசியையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் திரும்பத் திரும்பப் போட்டார்கள். சிறுநீரக நோய் பரவலாக உள்ள எங்கள் பகுதியில், அதுவும் சிறுநீரகத்திலேயே கை வைத்து வந்த மனிதனுக்கு, அது செய்யக்கூடாத வேலை. ஸ்டென்ட் அந்தரத்துக்கு என்றே தம்சுலோசின் போன்ற மருந்து இருக்கிறது. சிறுநீரகத்திலிருந்து சலம் இறங்குகிற வழியின் தசையைத் தளர்த்தி நோவையும் முட்டுவதையும் குறைக்கும். எழும்பும்போது தலை சுற்றக்கூடும், அதனால் பிரெஷர் மருந்து எடுக்கிறவர்கள் டொக்டரிடம் அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். அந்தப் பேச்சே அங்கே எழவில்லை.

சரி, இதுவரைக்கும் காசுதான் போனது. அப்புறம் நடந்ததுதான் பயங்கரம்.

ஒரு பின்னேரம் அத்தானுக்குக் குளிர்ந்து நடுங்கத் தொடங்கியது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் கட்டில் ஆடியது. காய்ச்சல் ஏறிவிட்டது. நாரி நோவும் இந்த முறை சலம் போகும்போது மட்டும் இல்லை, விடாமல் நின்றது. அதே கிளினிக்கில் சேலைன் ஏற்றி, பரசிற்றமோல் கொடுத்து, "காலமை பாப்பம்" என்று படுக்கவிட்டார்கள். இரவு பத்து மணிபோல அக்கா அழைத்தாள். "கதைக்கிறது குழறுது, கை சில்லிட்டுப் போச்சு" என்றாள். 1990க்கு அடித்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வந்து கிளிநொச்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அதற்குக் காசு இல்லை.

அங்கே டொக்டர் தாளை விரித்ததும் ஒரு மூலையைக் காட்டினார். வலது பக்க ஸ்டென்ட் என்று இருந்தது, அதற்குப் பக்கத்தில் 3/52 என்று பேனையால் எழுதியிருந்தது. டொக்டர்மார் மூன்று கிழமையை அப்படி எழுதுவார்கள். 3/12 என்றால் மூன்று மாதம். குழாயை மூன்று கிழமையில் எடுத்திருக்க வேண்டும். அந்தக் காலம் எப்போதோ தாண்டிவிட்டது. கிளினிக்காரர் ஒவ்வொரு தரமும் இதே தாளைக் கையில் வைத்துத்தான் மருந்து எழுதினார்கள்.

இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. இரத்தமும் சலமும் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, காத்திராமல் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். எக்ஸ்ரேயில் குழாய் வெள்ளைக் கோடாக, மேலும் கீழும் சுருளோடு தெளிவாகத் தெரிந்தது. அதுவரை நாங்கள் அதைப் பார்த்ததில்லை. ஸ்கானில் சிறுநீரகம் வீங்கியிருந்தது. குழாய் அடைபட்டு, மேலே தேங்கின சலத்தில் கிருமி பெருகி இரத்தத்துக்கு ஏறியிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, பழையதை எடுத்துப் புதியது வைத்தார்கள். எடுத்த குழாயை டொக்டர் காட்டினார். சுருண்ட முனையில் வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் சுரசுரக்கும்படி உப்புப் படிந்திருந்தது. அதன் பக்கத்துத் துளைகள் மூடிப்போயிருந்தன. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் இழுத்து எடுக்கவே முடியாமல் இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும் என்றார். கல் உண்டாகிற உடம்பில் இது சீக்கிரமாகவே படியும்.

கிருமி அடங்கி உடம்பு தேறியதும், சொன்ன திகதிக்கே இரண்டாவது குழாயை எடுத்துவிட்டார்கள். மரக்கச் செய்கிற ஜெல் பூசி, சலவழியாகக் கமரா விட்டுப் பிடித்து இழுத்தது, சில நிமிட வேலை. அதற்குப் பிறகு ஒரு நாள்போல நாரி நொந்தது. அது வரக்கூடியது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

ஆகவே ஸ்டென்டோடு இருக்கிறவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் கிளினிக்கில் படுக்க வைக்காதீர்கள், விடியும் வரை பார்க்காதீர்கள். அரச மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், வாசலிலேயே "உள்ளே ஸ்டென்ட் இருக்கு" என்று சொல்லுங்கள். சலம் வராமல் நின்றாலும், கட்டி கட்டியாக இரத்தம் வந்தாலும், நோ மாத்திரைக்கும் அடங்காமல் விடாது நின்றாலும், வாந்தியில் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும் அப்படியே போங்கள். முட்டாமலே சலம் ஓயாமல் ஒழுகினால் குழாய் கீழே நழுவியிருக்கலாம், அதையும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

துண்டு வெட்டுகிறபோது எந்தப் பக்கத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, எந்தத் திகதியில் எந்த மருத்துவமனையில் எடுப்பது என்று தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தரும் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டவர்கள் இன்றைக்கே தாளை எடுத்து 52, 12 என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். தாள் தொலைந்திருந்தால் ஒரு சாதாரண வயிற்று எக்ஸ்ரே போதும், குழாய் இருந்தால் அதில் தெரியும்.

கிளினிக் தந்த பில்களையும் பரிசோதனைத் தாள்களையும் அக்கா ஒன்றுவிடாமல் வைத்திருந்தாள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்து கண்காணிக்கிற அரச சபைக்கு, அவற்றின் பிரதிகளோடு பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறோம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பில்லை எறிய வேண்டாம்.