ஒரே நான்கு ஆய்வுகள், இரண்டு வைரங்கள்: ஃபிக்ஸட் எஃபெக்டா, ரேண்டம் எஃபெக்ட்ஸா?

பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து ஒரே விடை காணும் மெட்டா அனாலிசிஸ் கட்டுரையைத் திறந்ததும் கண் நேரே ஆய்வுகளை வரிசையாகக் காட்டும் ஃபாரஸ்ட் பிளாட்டின் அடியில் மொத்த விடையைக் குறிக்கும் வைர வடிவத்துக்குத்தான் ஓடுகிறது. அது நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் இருந்தால் மருந்து பலிக்கிறது, கோட்டைத் தொட்டால் பலிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் அந்த வைரம் எங்கே விழும் என்பதை ஆய்வுத் தரவு மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த மாடலில் கணக்கிட்டார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. தரவில் ஒரு எண்ணைக்கூட மாற்றாமல் வைரத்தை நகர்த்திக் காட்ட முடியும்.

இதற்கு நல்ல உதாரணம், மாரடைப்பு வந்தவர்களுக்கு நரம்பு வழியாக மெக்னீசியம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் சின்னச் சின்ன ஆய்வுகள் இறப்பு வெகுவாகக் குறைவதாகக் காட்டின. 1992இல் 2,316 பேரைக் கொண்ட LIMIT-2 ஆய்வும் அதையே சொன்னது. 1995இல் 58,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்த ISIS-4 வந்து பலன் இல்லை என்றது. மொத்தத் தொகுப்பில் இன்னும் பல சிறு ஆய்வுகள் உண்டு. கையால் கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

| ஆய்வு | இறப்பு: மெக்னீசியம் / ஒப்பீட்டுக் குழு | ஆட்ஸ் ரேஷியோ (95% இடைவெளி) | எடை: ஃபிக்ஸட் | எடை: ரேண்டம் |
|---|---|---|---|---|
| சிறு ஆய்வு, 1986 | 9/135, 23/135 | 0.35 (0.15–0.78) | 0.6% | 18% |
| LIMIT-2, 1992 | 90/1159, 118/1157 | 0.74 (0.56–0.99) | 4.4% | 33% |
| சிறு ஆய்வு, 1995 | 4/107, 17/108 | 0.21 (0.07–0.64) | 0.3% | 12% |
| ISIS-4, 1995 | 2216/29011, 2103/29039 | 1.06 (1.00–1.13) | 94.7% | 37% |
| வைரம்: ஃபிக்ஸட் | | 1.03 (0.97–1.10) | | |
| வைரம்: ரேண்டம் | | 0.63 (0.39–1.02) | | |

ஒரு குழுவில் இறந்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் உள்ள விகிதம்தான் ஆட்ஸ். மெக்னீசியம் குழுவின் ஆட்ஸை ஒப்பீட்டுக் குழுவின் ஆட்ஸால் வகுத்தால் ஆட்ஸ் ரேஷியோ. அது ஒன்றுக்குக் கீழே என்றால் மெக்னீசியம் பெற்றவர்களில் இறப்பு குறைவு. ஒரு மாடல் பலனே இல்லை என்கிறது. இன்னொன்று இறப்புக்கான ஆட்ஸ் 37 சதவீதம் குறைவதுபோல் காட்டி, இடைவெளியின் நுனியை மட்டும் ஒன்றைத் தாண்ட விடுகிறது. இரண்டுமே கணக்குப்படி சரி. கூட்டலில் பிழை எதுவும் இல்லை.

எடை எங்கிருந்து வருகிறது

ஃபாரஸ்ட் பிளாட்டில் ஒவ்வொரு ஆய்வுக்கும் உள்ள சதுரத்தின் பரப்பு அந்த ஆய்வின் எடையைக் காட்டுகிறது. குறுக்கே ஓடும் கோடு அதன் நம்பிக்கை இடைவெளி. அச்சு மடக்கை அளவில் இருப்பதால் 0.5ம் 2ம் ஒன்றிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும். இதை மறந்தால் இடப்பக்கம் இருக்கும் கோடுகளை மனம் தவறாக அளந்துவிடும்.

ஃபிக்ஸட் எஃபெக்ட் மாடலில் எடை என்பது மாறுபாட்டின், அதாவது ஆய்வின் விடை தற்செயலால் எவ்வளவு அலையும் என்பதைக் காட்டும் எண்ணின், தலைகீழ். ISIS-4இன் மடக்கை ஆட்ஸ் ரேஷியோவுக்கு மாறுபாடு சுமார் 0.001, 1986 ஆய்வுக்கு 0.171. ஆகவே பெரியதற்குச் சின்னதைவிட 171 மடங்கு எடை. எல்லா ஆய்வுகளும் அளப்பது ஒரே உண்மையான விளைவைத்தான், வித்தியாசம் முழுக்கத் தற்செயல் என்று எடுத்துக்கொண்டால் இது நியாயமே.

ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாடல் ஆய்வுக்கு ஆய்வு உண்மையான விளைவே வேறுபடலாம் என்று ஏற்றுக்கொள்கிறது. அந்த வேறுபாட்டின் அளவுதான் τ². டெர்சிமோனியன்–லேர்ட் முறையில் இங்கே அது 0.165 வருகிறது. இந்த எண் ஒவ்வொரு ஆய்வின் மாறுபாட்டோடும் கூட்டப்படுகிறது. ISIS-4க்கு 0.166, 1986 ஆய்வுக்கு 0.336. 171 மடங்காக இருந்த வித்தியாசம் இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. 270 பேர் கொண்ட ஆய்வுக்கு, 58,050 பேர் கொண்ட ஆய்வின் பாதி எடை!

சந்தேகம் இருந்தால் ISIS-4ஐ முழுவதுமாக நீக்கிவிட்டு, மற்ற மூன்றையும் ஃபிக்ஸட் முறையில் சேர்த்துப் பாருங்கள். விடை 0.64. ISIS-4ஐ வைத்துக்கொண்டு ரேண்டம் முறையில் வந்த விடை 0.63. ஐம்பத்தெட்டாயிரம் பேரின் தரவு உள்ளே வந்தும் மைய எண் அசையவே இல்லை, இடைவெளி மட்டும் அகன்றது. ரேண்டம் மாடலைப் பாதுகாப்பான தேர்வு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

I² சொல்வது, τ² சொல்வது, கணிப்பு இடைவெளி சொல்வது

பிளாட்டின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஹெட்டிரோஜெனிட்டி எண்கள், அதாவது ஆய்வுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைச் சொல்லும் எண்கள், இருக்கும். ஆய்வுகள் ஃபிக்ஸட் சராசரியிலிருந்து மொத்தமாக எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை Q அளக்கிறது. நம் நான்கு ஆய்வுகளுக்கு Q = 20.46, சுதந்திரப் படி, அதாவது ஆய்வுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தது, 3. தற்செயல் மட்டுமே காரணமாக இருந்தால் Q ஏறக்குறைய 3 இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். I² என்பது (Q − 3) / Q, அதாவது 85%.

இந்த 85%ஐ விளைவுகள் 85% வேறுபடுகின்றன என்று படிப்பவர்கள் நிறையப் பேர். அது அப்படி அல்ல. தெரியும் சிதறலில் எவ்வளவு பங்கு தற்செயலுக்கு மேற்பட்டது என்ற விகிதம் மட்டுமே அது. ஆய்வுகள் பெரிதாகப் பெரிதாகத் தற்செயலின் பங்கு சுருங்கும். அதனால் உண்மையான வேறுபாடு அதே அளவில் இருந்தாலும் I² ஏறும். பெரிய ஆய்வுகளின் தொகுப்பில் 90% என்று பார்த்தால், நடைமுறைக்குப் பொருட்டில்லாத சிறு வேறுபாடாகவும் இருக்கலாம். சிறு ஆய்வுகளின் தொகுப்பில் 0% என்றால், வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத் தெம்பில்லை என்பதாகவும் இருக்கலாம்.

எவ்வளவு வேறுபாடு என்று கேட்டால் பதில் τ²இல் இருக்கிறது. அதை ஆட்ஸ் ரேஷியோவின் மொழிக்குக் கொண்டுவருவது கணிப்பு இடைவெளி. இதேபோல் இன்னொரு ஆய்வு நடந்தால் அதன் உண்மையான விளைவு எங்கே விழலாம் என்பதைத்தான் அது சொல்கிறது. t பரவலை, ஆய்வுகளின் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்த சுதந்திரப் படியோடு பயன்படுத்தினால் நமக்கு வருவது 0.08 முதல் 4.9 வரை. ஏறக்குறைய எதுவும் நடக்கலாம் என்று அர்த்தம். வெறும் நான்கு ஆய்வுகள் என்பதால் இத்தனை அகலம். சில மென்பொருள்கள் t-க்குப் பதில் இயல்நிலைப் பரவலை எடுத்துக்கொண்டு இதைவிடக் குறுகலாகத் தரும். எதுவாக இருந்தாலும் 0.63 என்ற ஒற்றை எண்ணைவிட நேர்மையான பதில் இதுதான். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் கணிப்பு இடைவெளியைப் பாருங்கள், I²ஐ விட்டுவிடுங்கள்.

எண்கள் கைவசம் இல்லாவிட்டாலும் கண்ணால் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பிளாட்டின் குறுக்கே ஒரு ஸ்கேலைச் செங்குத்தாக வைத்து நகர்த்துங்கள். எல்லாக் கோடுகளையும் ஒருசேரத் தொடும் இடம் கிடைத்தால் ஹெட்டிரோஜெனிட்டி பெரிதாக இருக்க வாய்ப்பில்லை. இங்கே ISIS-4இன் கோடு 1.00க்குச் சற்றுக் கீழே தொடங்குகிறது, LIMIT-2 0.99இல் முடிகிறது, சிறு ஆய்வுகள் இரண்டும் 0.78க்கும் 0.64க்கும் மேல் வரவே இல்லை. ஒரு கோடு நடுக்கோட்டைத் தாண்டுகிறது, இன்னொன்று தாண்டவில்லை என்பதை மட்டும் வைத்து ஆய்வுகள் முரண்படுகின்றன என்று சொல்லக்கூடாது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்பதே கேள்வி.

இந்தத் தரவுக்கு எது பொருந்தும்

ரேண்டம் மாடலில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: உண்மையான விளைவுகள் ஒரு சராசரியைச் சுற்றிச் சிதறியிருக்கின்றன, அந்தச் சிதறலுக்கும் ஆய்வின் அளவுக்கும் தொடர்பில்லை. நம் அட்டவணையில் அது உடைகிறது. ஆய்வு சிறியதாக ஆக விளைவு பெரிதாகிறது: 1.06, 0.74, 0.35, 0.21. பலன் தெரிந்த சிறு ஆய்வுகள் மட்டும் அச்சேறி, தெரியாதவை மேசை இழுப்பறையில் தங்கிவிட்டால் இப்படித்தான் படம் வரும். சிறு ஆய்வுகளின் செயல்முறைத் தளர்வும் இதே கோலத்தைத் தரும். அந்த நிலையில் சிறு ஆய்வுகளுக்கு எடை கூட்டுவது, சாய்வைச் சராசரிக்குள் இழுத்துவருவதாகும்.

ஆகவே இந்தத் தொகுப்பில் நான் ஃபிக்ஸட் பக்கம், அதாவது நடைமுறையில் ISIS-4 பக்கம். ஆனால் 0.97–1.10 என்ற ஒல்லியான வைரத்தையும் அப்படியே நம்பச் சொல்லமாட்டேன். அந்த இடைவெளி Q = 20.46ஐக் கண்டுகொள்ளவே இல்லை.

எதிர்வாதமும் உண்டு. ISIS-4இல் பலருக்கு மெக்னீசியம் தாமதமாக, இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பிறகே போனது, சீக்கிரம் கொடுத்திருந்தால் பலித்திருக்கும் என்றார்கள். இது வெறும் சமாளிப்பு அல்ல, ஹெட்டிரோஜெனிட்டிக்கு மருத்துவக் காரணம் தேடும் முறையான வழி. அதைச் சோதிக்கவே MAGIC ஆய்வு நடந்தது. அறிகுறி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் வந்த, ஆபத்து மிகுந்த 6,213 நோயாளிகள். 2002இல் முடிவு வெளியானது: முப்பது நாள் இறப்பு மெக்னீசியம் குழுவில் 15.3%, மறுகுழுவில் 15.2%.

இதை வைத்து எங்கும் ஃபிக்ஸட்தான் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆய்வுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்து, மருந்தின் அளவோ நோயின் தீவிரமோ இடத்துக்கு இடம் மாறினால், ஒரே விளைவு என்ற அனுமானம்தான் பொய். அங்கே ரேண்டம் மாடலும் கணிப்பு இடைவெளியும் சேர்ந்து வர வேண்டும். ஆய்வுகள் ஐந்தாறுக்குள் இருந்தால் வைரத்தின் அகலத்துக்கு ஹார்ட்டங்–நாப் திருத்தமும் நல்லது. நம் உதாரணத்தில் அந்தத் திருத்தம் 0.39–1.02ஐ 0.22–1.79 ஆக விரிக்கிறது.

R-இல் சரிபார்க்க:

```r
library(metafor)
d <- escalc(measure="OR",
  ai=c(9,90,4,2216),   n1i=c(135,1159,107,29011),
  ci=c(23,118,17,2103), n2i=c(135,1157,108,29039))
rma(yi, vi, data=d, method="EE")
rma(yi, vi, data=d, method="DL")
rma(yi, vi, data=d, method="DL", test="knha")
```

விடைகள் மடக்கை அளவில் வரும், `exp()` போட்டால் மேலே உள்ள எண்கள் கிடைக்கும். `method` எழுதாமல் விட்டால் REML முறை ஓடும். அப்போது τ² மாறும், வைரமும் கொஞ்சம் நகரும். Q சோதனையின் p மதிப்பைப் பார்த்துவிட்டு அதற்கேற்ப மாடலைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் பல கட்டுரைகளில் இன்னும் இருக்கிறது. ஆய்வுகள் குறைவாக இருக்கும்போது அந்தச் சோதனைக்கு வேறுபாட்டைப் பிடிக்கும் திறனே குறைவு. மாடலை ஆய்வுத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதிவைத்து, மற்ற மாடலின் வைரத்தையும் பக்கத்தில் அச்சிடுவதே முறை. இரண்டும் விலகி நின்றால், முதலில் பார்க்க வேண்டியது சதுரங்களின் அளவுக்கும் அவை நிற்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பை.