டிரிப் காயிலுக்கு எந்த பேட்டரி: சீல் லெட்-ஆசிட்டா, நிக்கல்-காட்மியமா?

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு தொழிற்சாலை. வருடாந்தர சர்வீஸுக்காக ஞாயிறு நள்ளிரவில் 22 கேவி சப்ஸ்டேஷனை நிறுத்தப் போயிருந்தோம். பேட்டரி சார்ஜருக்கு வரும் ஏசி சுவிட்சை அணைத்த அந்த நொடியே பேனலில் இருந்த விளக்குகள் எல்லாம் மொத்தமாக அணைந்தன. ஃபால்ட்டைக் கண்டுபிடிக்கும் ரிலேக்களின் திரைகளும் கறுத்துப்போயின. ஏசி போனாலும் ரிலேக்களுக்கும், பிரேக்கரைத் திறக்கும் டிரிப் காயிலுக்கும் டிசி தந்து பத்து மணி நேரம் தாங்க வேண்டிய பேட்டரி ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. என்னுடன் வந்திருந்த புதுக்கோட்டைத் தம்பி கையில் லாக் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "அண்ணே, போன மாசம்கூட 121 வோல்ட்டுன்னு எழுதியிருக்காங்களே" என்றான். எழுதியது பொய் இல்லை. அந்த 121 வோல்ட் சார்ஜரின் வோல்ட்.

சார்ஜரைத் திரும்பப் போட்டு, ஒன்பது பிளாக்குகளையும் தனித்தனியாக அளந்தோம். எட்டு பிளாக்குகளில் 12.9 வோல்ட் வந்தது. ஆறாவதில் மட்டும் 18.3. ஒரு 12 வோல்ட் பிளாக்கில் 18 வோல்ட் காட்டினால் அதன் உள்ளே பாதை அறுந்துவிட்டது என்று அர்த்தம். சார்ஜர் தருவதில் மற்ற எட்டும் போக மிச்சமெல்லாம் அறுந்த இடத்தின் குறுக்கே நிற்கிறது. கிளாம்ப் மீட்டரில் பேட்டரிக்குப் போகும் கரண்ட் பூஜ்யம். ஆக, மொத்த வோல்ட்டை மட்டும் எத்தனை மாதம் குறித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. பிளாக் பிளாக்காக அளந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

எந்த பேட்டரி வாங்குவது என்ற கேள்வியை நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன். விலை, இடம், ஆயுள் எல்லாம் அடுத்துதான். முதலில் பார்க்க வேண்டியது அது எப்படிச் சாகும் என்பது.

சீல் செய்த லெட்-ஆசிட் பேட்டரி வயதானால் உள்ளே ஈரம் காயும், பாசிட்டிவ் தகடும் அதன் இணைப்புப் பட்டையும் அரிக்கும். கடைசியில் பல நேரம் ஏதாவது ஒரு செல்லில் இணைப்பே அறுந்துவிடும். செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்று அறுந்தால் பேங்க் முழுவதும் செத்தது போலத்தான். நிக்கல்-காட்மியத்தின் தகடுகள் எஃகுப் பைகளில் இருக்கும், உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது எஃகை அரிக்காது. அதனால் அந்த செல் மெல்ல மெல்லக் கொள்ளளவை இழக்கும், அல்லது உள்ளே ஷார்ட் ஆகும். ஷார்ட் ஆன செல் 1.2 வோல்ட்டைத்தான் விழுங்கும். மீதி 83 செல்களும் வேலை செய்யும், பிரேக்கரும் டிரிப் ஆகும்.

சரி, அறுந்த பேட்டரியோடு அந்தத் தொழிற்சாலை எப்படி இத்தனை நாள் ஓடியது? முந்தைய சர்வீஸில் டிரிப் டெஸ்ட்கூட ஒழுங்காகத்தான் முடிந்திருந்தது. ஒரு டிரிப் காயில் ஏறக்குறைய 250 வாட், அதாவது 110 வோல்ட்டில் 2.3 ஆம்பியர். 10 ஆம்பியர் சார்ஜர் அதைச் சிரமமில்லாமல் தந்துவிடும். ஒவ்வொரு பிரேக்கராக டெஸ்ட் செய்யும்போது நாம் சோதித்தது சார்ஜரைத்தான். டிரிப் சர்க்யூட்டைக் கண்காணிக்கும் ரிலேயும் அதே டிசியில்தான் ஓடுகிறது. காயிலும் வயரும் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். பின்னால் பேட்டரி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

உண்மையான ஃபால்ட் வேறு மாதிரி வரும். பஸ்பாரில் ஷார்ட் ஏற்பட்டால் ஏசி வோல்ட் அந்தக் கணமே படுத்துவிடும். சார்ஜருக்குச் சாப்பாடே அந்த ஏசிதான். பிரேக்கருக்கு டிசி தேவைப்படும் அதே நேரத்தில் சார்ஜர் கைவிடும். ரிலே அணையும், காயிலுக்கு ஒன்றும் போகாது, ஃபால்ட் எரிந்துகொண்டே இருக்கும். மேலே மின் வாரியப் பக்கத்து பிரேக்கர் தன் பேக்கப் நேரம் முடிந்து திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கால் நொடிக்குள் முடிய வேண்டியது ஒரு நொடி நீண்டால் ஆர்க் சக்தியும் அதே அளவுக்குப் பெருகும். அப்புறம் பேனலை மாற்றுவதா, பேனல் இருந்த அறையையே மாற்றுவதா என்ற நிலை.

சார்ஜரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இருக்கிறது. 2021 மே 25 அன்று காலைட் மின் நிலையத்தின் சி4 யூனிட்டில் புதிய பேட்டரி சார்ஜரை இணைக்கும் வேலை நடந்தது. அந்த சார்ஜரால் டிசி வோல்ட்டைத் தாங்க முடியவில்லை, ஏசியும் போனது. ஜெனரேட்டரைக் கழற்றிவிட வேண்டிய பாதுகாப்பு எதுவும் இயங்கவில்லை. அரை மணி நேரத்துக்கும் மேலாக அது மோட்டார் போலச் சுற்றி உடைந்தது. அங்கே பேட்டரியின் வகை பிரச்சினை இல்லை. ஆனால் பேட்டரி இல்லாத சார்ஜர் எவ்வளவு பலவீனமானது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இனி அளவு. அந்தத் தொழிற்சாலையில் ஏழு பிரேக்கர்கள். ரிலேக்களும் விளக்குகளும் சேர்ந்து எப்போதும் இழுப்பது 1.5 ஆம்பியர். பத்து மணி நேரத்துக்கு 15 ஆம்பியர்-மணி. பஸ்பார் ஃபால்ட்டில் ஏழு பிரேக்கர்களும் ஒன்றாக டிரிப் ஆனால் 16 ஆம்பியர், பிரேக்கரைத் திரும்ப மூட விடாமல் பூட்டும் லாக்அவுட் ரிலேக்களோடு 20 என்று வைத்துக்கொள்வோம். டிரிப் பத்தில் ஒரு நொடிதான் என்றாலும் கணக்கில் அதை முழு நிமிடமாக எடுப்பதுதான் வழக்கம். முதல் நிமிடத்தில் ஒரு முறை, பத்தாவது மணி நேரத்தின் கடைசி நிமிடத்தில் இன்னொரு முறை. இரண்டும் சேர்ந்தால்கூட 0.7 ஆம்பியர்-மணிதான் கூடும். மொத்தம் 15.7. வயதாவதற்கு 1.25, கூடுதல் பாதுகாப்புக்கு 1.1 என்று பெருக்கினால் 21.6. குளிர்நாட்டில் குளிருக்கும் ஒரு திருத்தம் வரும், சிங்கப்பூரில் அது வேண்டாம்.

இதைப் பார்த்து 24 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. முடிவு செய்வது அந்தக் கடைசி நிமிடம். பத்து மணி நேரம் கரைந்துபோன சின்ன பேட்டரியிடம் திடீரென்று 20 ஆம்பியர் கேட்டால் வோல்ட் சரிந்துவிடும். ஐஇசி 62271-1 தரத்தின்படி டிரிப் காயில் 70 சதவீத வோல்ட்டிலும் இயங்க வேண்டும், அதாவது 77 வோல்ட் போதும். ஆனால் மின்சாரம் திரும்பியதும் பிரேக்கரை மூட வேண்டுமே! மூடும் காயிலுக்கு 85 சதவீதம், 93.5 வோல்ட் வேண்டும். மேல் எல்லை இரண்டுக்கும் 110 சதவீதம், 121 வோல்ட். கேபிளில் ஒரு வோல்ட் போகும் என்று வைத்தால் பேட்டரி முனையில் 94.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த அளவுக்கு நான் 40 ஆம்பியர்-மணி கேட்பேன். தயாரிப்பாளரின் டிஸ்சார்ஜ் அட்டவணையில் அந்தக் கடைசி நிமிடத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

94.5 முதல் 121 வோல்ட் வரையான இந்த ஜன்னலுக்குள் இரண்டு வகையும் எப்படிப் பொருந்துகின்றன? லெட்-ஆசிட்டில் 54 செல்கள், அதாவது 12 வோல்ட் பிளாக் ஒன்பது. செல்லுக்கு 1.75 வரை இறக்கினால் சரியாக 94.5. பேட்டரியை எப்போதும் நிரம்பியே வைத்திருக்கும் ஃப்ளோட் வோல்ட்டை செல்லுக்கு 2.25 வைத்தால் 121.5, எல்லையை அரை வோல்ட் தாண்டும். வெப்பத்துக்கு ஏற்ப வோல்ட்டைக் குறைக்கும் சார்ஜர் என்றால் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் செல்லுக்கு 3 மில்லிவோல்ட் வீதம் இறங்கி, 33 டிகிரியில் 120.2க்கு வந்துவிடும். துவாஸில் இருந்த பழைய சார்ஜருக்கு அந்த வசதி இல்லை. ஆறாவது பிளாக்கை வேக வைத்தது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நிக்கல்-காட்மியத்தில் 84 செல்கள். ஃப்ளோட் 1.42 என்றால் 119 வோல்ட், வசதியாக உள்ளே நிற்கும். ஆனால் வெறும் ஃப்ளோட்டில் அது முழுக் கொள்ளளவுக்கு ஏறாது. அவ்வப்போது வோல்ட்டைக் கூட்டி பூஸ்ட் தர வேண்டும். செல்லுக்கு 1.55 என்றால் 130 வோல்ட், ரிலேக்களுக்கு ஆகாது. ஆகவே அந்த வோல்ட்டைக் குறைத்து ரிலேக்களுக்கு அனுப்பும் டிராப்பர் டயோடு சார்ஜரில் கட்டாயம். டயோடு வரிசை என்பது பழுதாகக்கூடிய இன்னொரு பொருள், அதையும் கணக்கில் வையுங்கள். சார்ஜர் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. எப்போதும் இழுக்கும் 1.5 ஆம்பியரையும் சேர்த்து, பத்து மணி நேரத்தில் நிரப்ப லெட்-ஆசிட்டுக்கு 5.9 ஆம்பியர், நிக்கல்-காட்மியம் வீணாக்குவது அதிகம் என்பதால் 7.1. இரண்டுக்கும் 10 ஆம்பியர் சார்ஜர்தான்.

வெயில்தான் பெரிய வித்தியாசம். ஏர்கான் இல்லாத பேஸ்மென்ட் சப்ஸ்டேஷனில் 33, 34 டிகிரி சாதாரணம். 25 டிகிரியில் பத்து வருடம் என்று எழுதியிருக்கும் சீல் பேட்டரிக்கு ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். அங்கே அது ஐந்து வருடப் பொருள், அவ்வளவுதான். நிக்கல்-காட்மியம் அதே சூட்டில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். இருபது வருடத்துக்கு வாங்கியது பதினாறு வருடம் நிற்கும்.

அதற்கு விலை உண்டு. வாங்கும்போது இரண்டு மூன்று மடங்கு. காற்றோட்டம் வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். லெட்-ஆசிட்டுக்குப் பயன்படுத்திய ஹைட்ரோமீட்டரையோ புனலையோ அதில் வைத்தால் ஒட்டிய ஆசிட் அந்த செல்லைக் கெடுக்கும். கடைசியில் காட்மியம் நச்சுக் கழிவு, உரிமம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். வாட்ச்மேனைத் தவிர யாரும் எட்டிப் பார்க்காத கட்டடத்தில் தண்ணீர் வற்றிப்போன நிக்கல்-காட்மியத்தை நான் பார்த்திருக்கிறேன். தகடு வெளியே தெரிந்தது.

ஒன்று இரண்டு பிரேக்கர் மட்டும் இருக்கும் இடத்தில் டிரிப்புக்கான மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கப்பாசிட்டர் டிரிப் யூனிட் போதுமே என்று கேட்பார்கள். ஒரு டிரிப்புக்குப் போதும். ரிலேயை உயிரோடு வைத்திருக்க அது உதவாது, ஏழு பேனலுக்கு நான் அதை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

என் தேர்வு இதுதான். ஏர்கான் அறை, வெப்பத்தைப் பார்க்கும் சார்ஜர், ஐந்தாம் வருடம் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற பட்ஜெட், மூன்றும் இருந்தால் சீல் லெட்-ஆசிட். சூடான பேஸ்மென்ட், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கும் ஆள் உண்டு என்றால் நிக்கல்-காட்மியம். சூடான அறை, பார்க்க ஆளும் இல்லை என்றால் இரண்டுமே வேண்டாம், முதலில் ஏர்கானைப் போடுங்கள்.

துவாஸில் ஏர்கான் போட முதலாளி ஒப்பவில்லை, பராமரிப்பு ஆட்கள் இருந்தார்கள். 84 செல் நிக்கல்-காட்மியம் வைத்தோம். பேட்டரியின் நடுவில் ஒரு வயர் எடுத்து, மேல் பாதியும் கீழ் பாதியும் 2 வோல்ட்டுக்கு மேல் வேறுபட்டால் அலாரம் அடிக்கும்படி செய்தோம். அலாரம் டிசி போனாலும் அடிக்க வேண்டும் என்பதால், டிசி இருக்கும்வரை திறந்திருந்து அது போனதும் மூடும் கான்டாக்ட்டை, தனி பேட்டரியில் ஓடும் காவலாளி அறை பேனலுக்குக் கொண்டுபோனோம். தம்பி இப்போது மாதம் ஒருமுறை சார்ஜரின் ஏசியைப் பதினைந்து நிமிடம் அணைத்துவிட்டு, மீட்டரைப் பார்த்து, அந்த வோல்ட்டைத்தான் லாக் புத்தகத்தில் எழுதுகிறான். போன மாதம் 108.6.