இரண்டாவது டிபன் கடை: மாவு அனுப்புவதா, தனி அடுப்படியா?

முதலில் ஒரு சோதனை. பத்து நாள் கல்லாவில் உட்காராமல் இருந்து பாருங்கள். வசூல் குறைந்தால் கிளைப் பேச்சே வேண்டாம்.

பழைய கடையிலிருந்தே மாவும் சாம்பாரும் அனுப்பினால் ருசி மாறாது, இன்னொரு மாஸ்டர் சம்பளமும் மிச்சம். ஆனால் கிளை பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெயில் காலத்தில் மாவு வழியிலேயே பொங்கிவிடும், மதியத்துக்குள் தோசை புளிக்கும். தேங்காய்ச் சட்னியை எப்படியும் அங்கேயேதான் அரைக்க வேண்டும். அப்புறம், கிரைண்டர் நின்றால் இரண்டு கடையும் நிற்கும்.

தனி அடுப்படிக்குத் தூரம் பிரச்சினையில்லை. மாஸ்டர் லீவு போட்டால்தான் சிக்கல். அளவு அவர் கையில் இருக்கிறது, தாளில் இல்லை. அரிசி, உளுந்து, உப்பை எடைபோட்டு எழுதி வாங்காமல் இந்த வழிக்குப் போகாதீர்கள்.

எதுவானாலும் உணவுப் பாதுகாப்பு உரிமம் புதுக் கடைக்குத் தனியாக வேண்டும். என் ஓட்டு, முதல் ஆறு மாதமாவது மாவு அனுப்புவதற்கே.