கடைக் கண்ணாடியில் விழும் பிம்பம்: போலரைசரா, கறுப்புத் துணியா, அடுக்கிய படங்களா?

நாகர்கோவில் வடசேரியில் ஒரு நகைக்கடையின் முகப்புக் கண்ணாடியைப் படமெடுக்கப் போயிருந்தேன். உள்ளே கறுப்பு வெல்வெட் சுற்றிய கழுத்துருவம். அதன்மேல் அந்த ஊருக்கே உரிய கோயில் நகை, சிவப்புக் கற்கள் பதித்த பெரிய பதக்கம். முதல் படத்தில் பதக்கத்தின் குறுக்கே என் அலுமினிய முக்காலியின் கால்கள் பளிச்சிட்டன. சுற்றிலும் எதிர்ச்சாரிக் கடைகள். ஆனால் என் கறுப்புச் சட்டை பிரதிபலித்த இடத்தில் மட்டும் நகை துலக்கமாகத் தெரிந்தது. முகப்புக் கண்ணாடி தெரு வெளிச்சத்தை உள்காட்சியின்மேல் கூட்டுகிறது. எதிரே இருட்டு நின்றால் கூட்டுவதற்கு எதுவும் இல்லை. எந்த வழியைப் பிடிப்பது என்பதை இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

எல்லோரும் முதலில் வாங்குவது போலரைசர் வடிகட்டி. கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தால், நேர்செங்குத்திலிருந்து ஏறக்குறைய 56 பாகையில், அது பிரதிபலிப்பைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். நேருக்கு நேர் நின்றால் ஒன்றும் செய்யாது. நம் சொந்த பிம்பமோ நேருக்கு நேர் நிற்கும்போதுதான் விழுகிறது! பக்கவாட்டில் நின்று கடைத்தெருவோடு சேர்த்து எடுக்கும் படத்துக்கு அது நல்ல துணை. என்னையும் முக்காலியையும் நீக்க உதவாது.

கறுப்புத் துணிதான் என் முதல் தேர்வு. லென்ஸ் அளவுக்கு நடுவில் ஓட்டை போட்டு, கேமராவுக்கு முன்னால் தொங்கவிட வேண்டும். முக்காலியும் ஆளும் அதன் பின்னால் மறைந்துவிடுவார்கள். எவ்வளவு துணி வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். படத்தில் விழும் கண்ணாடிப் பரப்பின் அகலம் எவ்வளவோ அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும், உயரத்துக்கும் அப்படியே. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கோடுகள் கேமராவின் இடத்துக்கு வருவதற்குள் இரட்டிப்பாக விரிந்துவிடுகின்றன. பதக்கத்தைச் சுற்றி ஒரு மீட்டர் போதும் என்றால் இரண்டு மீட்டர் துணி போதும். லென்ஸ் வளையத்தின் வெள்ளை எழுத்துகள்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் அவை மட்டும் படத்தின் நடுவில் மிதக்கும்.

கடை அண்ணாச்சி முழு முகப்பும் வேண்டும் என்றார். மூன்று மீட்டர் கண்ணாடிக்கு ஆறு மீட்டர் துணி. அதைத் தெருவில் விரிக்க முடியாது. ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து அடிக்கும் காற்றில் அது நிற்கவும் நிற்காது. இங்கேதான் அடுக்கிய படங்கள் கைகொடுத்தன. கேமராவை அசையாமல் நிறுத்தி, வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலையையும் கைமுறையில் பூட்டினேன். ஷட்டர் 1/50 விநாடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குத் துடிப்பு படத்துக்குப் படம் மாறாது. முதல் படத்துக்கு ஓட்டைத் துணி. பிறகு ஒன்றரை மீட்டர் துணியைக் கம்பில் கட்டி, உதவிக்கு வந்த தம்பி கேமராவின் வரிசையிலேயே இடமிருந்து வலமாக நகர, ஒவ்வோர் இடத்திலும் ஒரு படம். மொத்தம் ஏழு. கணினியில் GIMP மென்பொருளில் ஏழையும் அடுக்கி, அடிப்படத்துக்கு மேலுள்ள ஆறுக்கும் Darken only முறையைக் கொடுத்தேன். ஒவ்வொரு புள்ளியிலும் ஏழில் இருண்டது தங்குகிறது. பிரதிபலிப்பு கூட்டத்தானே செய்யும், அதனால் இருண்டதுதான் உண்மைக்கு நெருக்கமானது. துணி காற்றில் படபடத்தாலும் கவலையில்லை. ஒவ்வோர் இடத்தையும் ஏதாவது ஒரு படத்தில் மறைத்திருந்தால் போதும். குறுக்கே போன ஆட்டோவின் முகப்பு விளக்கும் தானாகவே போய்விட்டது.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பகலில் தெரு வெளிச்சம் கண்ணாடி வழியே நகைமேலும் விழுகிறது. துணி அதையும் தடுப்பதால், அடுக்கியபின் வெல்வெட்டில் திட்டுத்திட்டாக நிழல் தெரியும். நான் முதலில் மாலை நான்கு மணிக்கு எடுத்ததில் அப்படித்தான் வந்தது. பொழுது சாய்ந்து, கடை விளக்கே முதன்மையான பின் மறுபடி எடுத்தேன், திட்டுகள் இல்லை.

மென்பொருளில் பக்கத்துப் பரப்பை நகலெடுத்து ஒட்டுவதை லென்ஸ் வட்டம் போன்ற சிறு மிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். பதக்கத்தின்மேல் அதைச் செய்தால் கற்கள் இரட்டிக்கும். பொற்கொல்லர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு இவை எதுவும் ஆகாது. அதில் தெரிவது முழுக்கப் பிரதிபலிப்பு. கறுப்புத் துணி கறுப்புத் துணியாகவே தெரியும். கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி விலகி நிற்பதே வழி. கேமராவைத் திருப்பாமல் சுவருக்கு இணையாகவே வைத்து, அகலமாக எடுத்து வெட்டிக்கொள்ள வேண்டும். இங்கேயும் அதே பாதிக்கணக்கு: லென்ஸிலிருந்து 40 சென்டிமீட்டர் நீளும் முக்காலிக் கால், கண்ணாடியில் 20 சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். ஆகவே லென்ஸ், கண்ணாடியின் விளிம்புக்கு வெளியே 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். என் தோள் அதைவிட அகலமாக நீண்டால், ஷட்டருக்கு டைமர் வைத்துவிட்டு அறையைவிட்டே வெளியே போய்விடுவேன்.