மைனஸ் பவருக்கு ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு “இனி நீங்கள் நார்மல்” என்று சொன்னால் நம்பாதீர்கள்

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு கண்ணிலும் மைனஸ் 13 பவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார்கள். அந்த ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி போடாமலே பஸ் போர்டு படித்தாள். கடைசி செக்கப்பில் அவர்கள் சொன்னதுதான் பிரச்சினை: “பவர் ஜீரோ ஆயிடுச்சு மேடம், இனி நீங்க நார்மல். தொந்தரவு இருந்தா மட்டும் வாங்க.”

பவர் பூஜ்யமாகலாம், கண்ணின் நீளம் குறையாது. பெரியவர்களுக்குக் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 23, 24 மில்லிமீட்டர் இருக்கும். ஆபரேஷனுக்கு முன் அவர்களே எடுத்த ரிப்போர்ட்டில் AL என்ற இடத்தில் என் தங்கைக்கு 29.3 என்று அச்சாகியிருக்கிறது. இவ்வளவு நீண்ட கண்ணில் பின்சுவரும் விழித்திரையும் இழுபட்டு மெலிந்துவிடும். நடுப்பார்வை தரும் மாகுலாவுக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலத்தில் விரிசல் விடலாம், அதன் வழியாகப் புது ரத்தக்குழாய் முளைத்துக் கசியலாம். ஓரப்பகுதியில் ஓட்டை விழுந்து விழித்திரை பிரியலாம். கண்ணாடியோ லேசரோ லென்ஸோ இதில் எதையும் மாற்றாது. அந்த 29.3-ஐப் பற்றி எங்களிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சில வருடம் கழித்து வலது கண்ணில் கதவு நிலை வளைந்து தெரிகிறது என்றாள். எக்செல் திரையில் கட்டங்களின் கோடு நடுவில் மட்டும் நெளிந்ததாம். அதே மருத்துவமனைக்குப் போனோம். மெஷினில் முகவாயை வைக்கச் சொன்னார்கள், கொஞ்சம் சிலிண்டர் பவர் காட்டியது. “லேசா பவர் திரும்பியிருக்கு, கம்ப்யூட்டர் அதிகம் பார்க்கறீங்க” என்று சொல்லிக் கண்ணாடியும், கண் வறட்சிக்குச் சொட்டு மருந்தும் எழுதித் தந்தார்கள். கண் பாப்பா விரிய மருந்து விடவில்லை, விழித்திரையைப் பார்க்கவில்லை. புதுக் கண்ணாடியிலும் கோடு வளைந்தே தெரிகிறது என்று மறுபடி போனபோது, பழகச் சில வாரம் ஆகும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

அப்புறம் நாங்களாகவே வேறு ஊரில் ஒரு ரெட்டினா டாக்டரிடம் போனோம். அவர் முதலில் நடுவில் சின்னத் துளை போட்ட கறுப்பு மறைப்பை வலது கண் முன்னால் பிடித்து, போர்டைப் படிக்கச் சொன்னார். பவர் கோளாறு என்றால் அந்தத் துளை வழியாகப் பெரும்பாலும் தெளிவாகும். இவளுக்குக் கூடுதலாக ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. “இது கண்ணாடி விஷயம் இல்லம்மா” என்றார். அரை நிமிட வேலை அது. முதல் இடத்தில் இதைச் செய்திருந்தாலே போதும்.

பாப்பாவை விரித்துப் பார்த்து, விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனும், கையில் சாயம் ஏற்றி எடுக்கும் படமும் எடுத்தார்கள். மாகுலாவுக்கு அடியில் புது ரத்தக்குழாய், பக்கத்தில் ரத்தக்கசிவு. அந்தக் குழாயை அடக்கக் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இதைச் சீக்கிரம் போட்டால் பார்வையை ஓரளவு காப்பாற்றலாம், தள்ளிப்போனால் தழும்பாகிவிடும், தழும்புக்கு மருந்து இல்லை. ஊசிக்குப் பிறகு கசிவு நின்று, நெளிவு குறைந்தது. ஆனால் நடுவில் ஒரு மங்கல் தங்கிவிட்டது. யாராவது எதிரில் நின்றால், வலது கண்ணுக்கு மட்டும் மூக்கு இருக்கும் இடம் கலங்கித் தெரிகிறது. கண்ணாடி பழக விட்ட அந்த வாரங்களின் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

இப்போது அவளுக்குச் சொல்லியிருப்பது இதுதான். ஒவ்வொரு கண்ணாக மூடி, கட்டம் போட்ட தாளையோ டைல்ஸ் கோட்டையோ பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். கோடு நெளிந்தாலோ, நடுவில் கறை தெரிந்தாலோ, மின்னல் அடித்தாலோ, கறுப்புப் புள்ளிகள் திடீரெனக் கூடினாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ அன்றே ரெட்டினா டாக்டரிடம் போக வேண்டும். தொந்தரவே இல்லாவிட்டாலும் வருடம் ஒரு முறையாவது, ஆயுள் முழுக்க, பாப்பாவை விரித்து ஓரம் வரை பார்த்து ஸ்கேனும் எடுக்க வேண்டும். இடைவெளியை டாக்டர் குறைக்கலாம். இடது கண்ணும் அதே நீளம்தான் என்பதால் இவளை அடிக்கடி வரச் சொல்லியிருக்கிறார்.

லேசரோ லென்ஸோ செய்துகொண்டவர்கள் எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் “எனக்கு முன்னால் இவ்வளவு பவர் இருந்தது, கண் நீளம் இவ்வளவு” என்று முதலிலேயே சொல்லுங்கள். மெஷின் பூஜ்யம்தான் காட்டும். பழைய ரிப்போர்ட்டையும் ஒவ்வொரு ஸ்கேனின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். எங்களுக்கு அந்த மருத்துவமனை முதலில் “ஃபைல் கொடுக்க மாட்டோம்” என்றது, எழுத்தில் கேட்ட பிறகுதான் தந்தது. புது டாக்டர் அந்தப் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துத்தான், எந்த விரிசல் பழையது, எது புதிது என்று பிரித்துச் சொன்னார்.