குழந்தைக்கு மருந்து கொடுக்க சிரிஞ்ச்: நீலகிரிக் குளிரில் நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சங்கு ஒன்று எப்படியும் இருக்கும். பால் புகட்ட அது போதும். அளந்து கொடுக்க வேண்டிய மருந்துக்குப் போதாது. குளிரில் கெட்டியான சிரப்பில் ஒரு பங்கு சங்கிலேயே ஒட்டிக்கொள்ளும், குழந்தை தலையைத் திருப்பினால் இன்னொரு பங்கு கழுத்தில் வழியும். உள்ளே எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. சமையலறை ஸ்பூனும் அப்படித்தான், வீட்டுக்கு வீடு அதன் அளவு மாறும். சிரப்போடு வரும் பிளாஸ்டிக் மூடிக்கோப்பை 5 மி.லி.க்குச் சரி. 1.2 மி.லி.யை அதில் அளக்க முடியாது.

மருந்துக்கடையில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, வாய்வழி மருந்துக்கென்றே செய்த சிரிஞ்ச். முனை சற்று அகலமாக இருக்கும், ஊசி பொருந்தாது. மருந்தைத் தள்ளும் தண்டான பிளஞ்சரின் நுனியில் சிலிக்கான் வளையம் இருந்தால் இன்னும் நல்லது. மலைமேல் சின்னக் கடைகளில் இது எப்போதும் இருக்காது. அப்போது ஊசிபோடும் 2 மி.லி. அல்லது 5 மி.லி. சிரிஞ்சைத் தருவார்கள். வாங்கலாம், ஆனால் ஊசியையும் அதன் மூடியையும் கடையிலேயே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் குட்டி மூடி குழந்தையின் தொண்டைக்குள் போகிற அளவில்தான் இருக்கிறது.

ஊசிபோடும் சிரிஞ்ச் ஒரு தடவை பயன்பாட்டுக்குச் செய்தது. பிளஞ்சரின் ரப்பர் வழுக்கிப் போக உள்ளே லேசாகச் சிலிக்கான் எண்ணெய் பூசியிருப்பார்கள். சில தடவை சோப்புத் தண்ணீரில் கழுவியதும் அது போய்விடும். பிறகு பிளஞ்சர் சிக்கும், அழுத்தினால் நகராது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒரே தாவாகத் தாவி 1 மி.லி.யும் தொண்டையில் பீய்ச்சிவிடும். குழந்தைக்குப் புரையேறினால் “மருந்தே இதுக்கு ஆகாது” என்பார்கள். பெரும்பாலும் கோளாறு பிளஞ்சரில்தான். வெறும் தண்ணீரை உறிஞ்சி, சொட்டுச் சொட்டாக வெளியே தள்ளிப் பாருங்கள். சொட்டாக வராமல் தாவினால் தூக்கிப் போட வேண்டியதுதான். சிலிக்கான் வளையம் உள்ளவை பல மாதம் சிக்காமல் ஓடுகின்றன. அவற்றில் முதலில் போவது அளவுக்கோடு. பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தால் இன்னும் சீக்கிரம் அழியும். ஒரு கோடு மங்கினாலும் மாற்றிவிடுங்கள்.

இனி அளவு. 8 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல், டாக்டர் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு 120 மி.கி. எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 15 மி.கி. கணக்கு. இதே மருந்து கடையில் பல செறிவில் இருக்கிறது. டிராப்ஸ் என்றால் 1 மி.லி.யில் 100 மி.கி., ஆகவே 1.2 மி.லி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 மி.லி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளது என்றால் 2.4 மி.லி. மூன்றும் சரியான அளவுதான், பாட்டில்தான் வேறு. “எப்பவும் கொடுக்கிற 5 மி.லி.” என்று டிராப்ஸ் பாட்டிலிலிருந்து எடுத்தால் 500 மி.கி. உள்ளே போகும். நான்கு மடங்குக்கும் மேல், ஈரலுக்கு ஆபத்து. அப்படி நடந்துவிட்டால் குழந்தை நன்றாக விளையாடினாலும் உடனே பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தலைகீழாக, 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் 1.2 மி.லி. எடுத்தால் 30 மி.கி.கூட இராது, காய்ச்சல் இறங்காது.

அதனால் சிரிஞ்சில் நெயில் பாலிஷால் கோடு போட்டு வைக்கும் பழக்கம் எங்களுக்கு உடன்பாடில்லை. அம்மா கொழுந்து பறிக்கப் போய், பாட்டி மருந்து கொடுக்கும் வீட்டில் அது வசதிதான். ஆனால் பாட்டில் மாறினாலும் கோடு மாறாது. பாட்டில்மேலேயே “120 மி.கி. = 1.2 மி.லி.” என்று ஒட்டி, கொடுத்த நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் போகக் கூடாது என்பதால் இரண்டு பேர் கொடுக்கும் வீட்டில் அந்தக் குறிப்பு அவசியம். எடை பார்க்கும்போது ஸ்வெட்டர், குல்லாய், சாக்ஸ் எல்லாம் கழற்றிவிட்டுப் பாருங்கள். இந்த ஊரில் அதைத்தான் மறக்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே, வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் டாக்டரிடம் போவதே முறை.

எடுக்கும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். மருந்து அடியில் தங்கும் வகையானால் முதல் வேளை நீர்த்தும் கடைசி வேளை கெட்டியாகவும் வந்துவிடும். மார்கழி, தையில் சிரப் தடித்துப்போய், உறிஞ்சும்போது காற்றுக்குமிழி சேர்ந்து வரும். 1.2 மி.லி.யில் 0.2 மி.லி. குமிழி என்றால் ஆறில் ஒரு பங்கு மருந்து போச்சு. பாட்டிலை உள்ளங்கைகளுக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு மெல்ல உறிஞ்சுங்கள். அடுப்புப் பக்கமோ வெந்நீரிலோ வைக்க வேண்டாம். குமிழி வந்தால் முனையை மேலே நிமிர்த்தி, விரலால் தட்டி, காற்றைத் தள்ளிவிட்டு அளவைச் சரி பாருங்கள். கண் மட்டத்தில் பிடித்து, பிளஞ்சரின் முன்வளையம் சுவரைத் தொடும் விளிம்பில்தான் படிக்க வேண்டும். கூம்பு நுனியில் அல்ல. கொடுத்த பிறகு முனையில் தங்கும் துளி கணக்கில் சேராது, அதைத் தண்ணீர் விட்டு அலசிக் கொடுக்கத் தேவையில்லை.

கொடுப்பதில் பாதி வேலை பிடிப்பில். குழந்தையை மடியில் சாய்வாக உட்கார வைத்து, ஒரு கையை உங்கள் அக்குளுக்குள் விட்டு, இன்னொரு கையை உங்கள் கையால் அணைத்துக்கொள்ளுங்கள். துண்டில் சுற்றியும் பிடிக்கலாம். படுக்க வைக்கக் கூடாது, மூக்கைப் பொத்தவே கூடாது. சிரிஞ்ச் முனை நடுநாக்குக்குப் போகாமல், ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையில் உள்ளே போக வேண்டும். நடுவில் வைத்தால் நாக்கு வெளியே தள்ளும், நேராகத் தொண்டைக்கு அடித்தால் குமட்டும். கால் மி.லி., மீறினால் அரை மி.லி. தள்ளி, விழுங்கும் வரை காத்திருங்கள். வீறிட்டு அழுது மூச்சை இழுக்கும் நேரத்தில் தள்ளாதீர்கள். வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தால் முகத்தில் லேசாக ஊதினால் பல கைக்குழந்தைகள் அனிச்சையாக விழுங்கிவிடும். வளர வளர இந்தத் தந்திரம் எடுபடாது.

பால் பாட்டிலில் மருந்தைக் கலப்பதை நாங்கள் சொல்லவே மாட்டோம். பாதிப் பாலோடு குழந்தை நிறுத்திவிட்டால் எவ்வளவு மருந்து போனது? வயிறு முட்டப் பால் குடித்த உடனே கொடுத்தால் கக்கிவிடும். கொஞ்சம் முன்னதாகக் கொடுத்துவிட்டுப் பால் கொடுப்பதே கைகண்ட வழி. கக்கிவிட்டால், எத்தனை நிமிடத்தில், எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொண்டு டாக்டரைக் கேளுங்கள். கடைவாயில் வழிந்ததைப் பார்த்துக் கண்ணளவில் மறுபடி கொடுக்க வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக் பொடி சிரப்புக்கு ஒரு உள்ளூர்க் குறிப்பு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், அதனால் குமிழியிட்டுக் கொதித்த பிறகும் 3 நிமிடம் விட்டு, ஆறவைத்து, பாட்டில் கோடு வரை ஊற்றுங்கள். குலுக்கியதும் நுரை அடங்கி மட்டம் இறங்கும், மறுபடி கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தால், “வீடே ஐஸ்பெட்டிதானே” என்று ஜன்னல் ஓரம் வைப்பது செல்லாது. பகல் வெயிலும் விடிகாலைப் பனியும் மாறி மாறி அடிக்கும் இடம் அது.